திருநகருக்குப் போகும் முதல் சாப்பாடு

"பாப்பா, கொஞ்சம் கீழ வாரியா? ஒரு கணக்குப் பாக்கணும்."

செல்லக்கிளி அக்கா அதுவரை என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. ஆனையூரில் ஒரே வீட்டில் நாங்கள் மாடியிலும் அவர் கீழேயும் குடியிருந்தோம். படியில் எதிரே வந்தால் "வேலைக்கா?" என்பார். "ஆமாக்கா" என்பேன். அதோடு சரி. அன்று ஞாயிற்றுக்கிழமை. இறங்கிப் போனேன். வாசலில் ஒரு முறம் நிறையப் பூண்டு இருந்தது. உரித்தது பாதி, உரிக்காதது பாதி.

"நீ மருந்து ஏஜென்சியிலதான கணக்கு எழுதுற?"

"பில் போடுறேன்க்கா."

"ரெண்டும் ஒன்னுதான். நூறு ரூவா சாப்பாட்டுல எனக்கு எம்புட்டு நிக்கும்னு சொல்லு."

"ஒரு சாப்பாட்டுக்குச் சாமான் எவ்வளவு ஆகுது?"

"அரிசி, பூண்டு, நல்லெண்ணெய், கீரை, மிளகு, கேஸு எல்லாம் சேத்து அம்பது. அது எனக்கு அத்துபடி. அப்ப அம்பது நிக்கணும்ல?"

"டப்பா?"

"டப்பா நான் மாசத்துக்கு ஒருக்க மொத்தமா வாங்குறது. அது தனி."

"பெட்ரோல்?"

"அது வண்டிக்குப் போடுறது பாப்பா. சாப்பாட்டுக்கா போடுறேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பூண்டை உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒரு நாளைக்கு ஒன்பது சாப்பாடு போகுது. ஒன்பதுக்கும் அம்பது நின்னா நானூத்தம்பது. ஒத்தாசைக்கு வர்ற முனியாயிக்கு எரநூறு கூலி போக எரநூத்தம்பது என் கையில இருக்கணும். இல்ல. வீட்டுல திருடன் இல்ல. குடிக்கிற ஆளும் இல்ல. அந்தக் காசு எங்க போகுது?"

"ஒன்பதும் பக்கத்துலதானா?"

"எட்டு இங்கனதான். கூடல்நகர், ஆலங்குளம், விளாங்குடி. ஒன்னு மட்டும் திருநகரு."

"திருநகரா? அது ஊருக்கு அந்தக் கடைசியில்ல இருக்கு!"

"அதுதான் மொத சாப்பாடு" என்றார், அதில் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதைப் போல. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆடி முடியிறதுக்குள்ள எனக்கு இது தெரியணும். தெரியாட்டி வண்டி போயிரும்."

அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

அக்காவுக்குச் சொந்த ஊர் பேரையூருக்குப் பக்கம். கணவர் கருப்பு இறந்த பிறகு மகள் சரண்யாதேவியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தவர். ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் கேண்டீனில் வருடக்கணக்காகச் சமைத்தார். பிள்ளை பெற்றவளுக்கு எந்த நாளில் எந்தக் குழம்பு, எப்போது கருவாடு சேர்க்கலாம், எப்போது கூடாது என்பதெல்லாம் அங்கே பழகியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கேண்டீனை மூடிவிட்டு வெளியாளுக்கு ஒப்பந்தம் விட்டபோது அக்காவுக்கு வேலை போனது. ஆனால் வீட்டுக்குப் போன தாய்மார்கள் சிலர் போன் செய்து, "அக்கா, உங்க பூண்டுக் குழம்பு கிடைக்குமா?" என்று கேட்டார்கள். அப்படித்தான் பத்தியச் சாப்பாடு வீடு வீடாகப் போக ஆரம்பித்தது. வீட்டில் சமைத்துப் போட ஆளில்லாதவர்கள், வேலைக்குப் போகும் மாமியார்கள், தாய்வீடு தூரமாக உள்ளவர்கள்தான் வாங்கினார்கள். சோறு, பூண்டுக் குழம்பு, கீரைப் பொரியல், மிளகு ரசம். நூறு ரூபாய்.

அதற்கு வண்டி வேண்டும். வண்டி தம்பி விக்ரமுடையது. பேரையூரில் அவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்கூட்டர் சும்மா நிற்கிறதே என்று அக்காவுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே, ஆடி வரை பார், தொழில் நிலைத்தால் வண்டியை வைத்துக்கொண்டு மெதுவாகக் காசு கொடு, நிலைக்காவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடு என்று சொல்லியிருந்தார். ஊருக்குப் போனால் சரண்யாதேவியின் கல்லூரி நின்றுவிடும். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பேரையூரிலிருந்து தினமும் போய்வர முடியாது, விடுதிக்குக் கட்டப் பணமும் கிடையாது. அக்கா அதை யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. "வண்டி போயிரும்" என்று மட்டும் சொல்வார். சொல்லும்போது கண் சரண்யாவின் புத்தகப் பையின் மேல் போகும்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு நாள் விடுப்பு இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். வண்டியின் பின்னால் உட்கார்ந்து, காலிடுக்கில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது கிலோமீட்டர் எவ்வளவு என்று பார்த்துவைத்தேன்.

நான் முதலில் கூடல்நகர் போவோம் என்றுதான் நினைத்தேன். அது தெருவைத் தாண்டினால் வந்துவிடும். அக்கா கூடல்நகரைக் கடந்து, தத்தனேரி, ஆரப்பாளையம் வழியாகப் பைபாஸ் ரோட்டில் ஏறினார்.

"எதுக்குக்கா அங்க மொதல்ல?"

"மொத ஆர்டர் மொதல்ல போகணும்ல. போணி."

வெயில் மண்டையைப் பிளந்தது. பழங்காநத்தத்தில் சிக்னல் விழுந்து, திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாட்டி, திருநகருக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய கேட் வைத்த வீடு. நல்லகாமன் ஐயா கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டிலேயே நின்றிருந்தார். முழங்கைவரை பவுடர். பேத்தியைத் தூக்கிக் குளிப்பாட்டி வைத்திருந்தார் போல.

"வா தாயி வா. இது யாரு, உதவிக்கா?"

"மாடி வீட்டுப் பிள்ளைங்கய்யா."

"என்ன தாயி, இன்னைக்குக் காலைல நான் போன் போடும்போது எத்தனை மணி? சேவலே எந்திரிக்கல. நான் எந்திரிச்சேன்." என்னைப் பார்த்துச் சொன்னார்: "என் கை ராசியான கைம்மா. இவுக யாவாரம் ஓடுதுன்னா அது நம்ம போணிதான்."

"ஆமாங்கய்யா" என்றார் அக்கா. கிண்டலே இல்லை. நிஜமாகவே சொன்னார்.

ஐயா எண்பது ரூபாயை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார். நூறு ரூபாய்ச் சாப்பாடு அது. முதல் நாள் அவர் கேட்டது எண்பது. போணி நேரத்தில் பேரம் பேசிக் கேட்பவனை வெறும் கையாக அனுப்பக்கூடாது என்று அக்கா ஒப்புக்கொண்டார். அன்று யாவாரம் நன்றாக ஓடியது. மறுநாளும் அவரே முதல் ஆளாகக் கூப்பிட்டார். அதன்பின் யாரும் அவரை முந்தவில்லை. உள்ளிருந்து அவர் மகள் சத்யப்ரியாவின் குரல் வந்தது. "அப்பா, ரெண்டு பேருக்குச் சாப்பாடு பத்துமான்னு கேளுங்க, குழம்பு கொஞ்சம் கூடவே வைக்கச் சொல்லுங்க." அக்கா சிரித்துக்கொண்டே "வச்சிருக்கேன் தாயி" என்றார்.

திரும்பிக் கூடல்நகருக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஒரு மாமியார் கதவைத் திறந்துகொண்டே, "ஏம்மா, பிள்ளைக்குப் பால் குடுக்குறவ இம்புட்டு நேரம் பட்டினி கெடக்கணுமா? பக்கத்துத் தெருவுல இருந்து வர உனக்கு ரெண்டு மணி நேரமா?" என்று கேட்டார். அக்கா பையை நீட்டினார். விளாங்குடியில் ஒரு வீட்டில் நாளையிலிருந்து வேண்டாம் என்றார்கள். போகும் வழியில் புதிதாக ஒருவர் போன் செய்தார். ஆலங்குளத்தில்தான் வீடு. "இன்னைக்கு முடியாதுங்கம்மா, நேரமில்ல" என்று அக்கா வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கிலோமீட்டரைப் பார்த்தேன். திருநகர் போய்வர மட்டும் இருபத்தெட்டு. மற்ற எட்டு வீடுகளும் சேர்ந்து இருபது.

படியில் உட்கார்ந்து பழைய பில் ஒன்றின் பின்புறத்தில் எழுதினேன். அந்த வண்டி ஊருக்குள் ஒரு லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் கொடுக்கும். பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல். கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் பெட்ரோலுக்கே போகும். டயர், ஆயில், பிரேக் என்று ஒரு ரூபாய் சேர்த்தால் மூன்றரை. டப்பா நான்கும் பேப்பர் பையும் சேர்ந்து ஒரு சாப்பாட்டுக்கு இருபது ரூபாய். பக்கத்து வீட்டுச் சாப்பாட்டில் சாமான் ஐம்பது, டப்பா இருபது, வண்டிச் செலவு ஒன்பது போக மிஞ்சுவது இருபத்தொன்று. எட்டு வீட்டுக்கும் சேர்த்து நூற்று அறுபத்தெட்டு. திருநகர்ச் சாப்பாட்டுக்குச் சாமானும் டப்பாவும் எழுபது, வண்டிக்கு மட்டும் தொண்ணூற்றெட்டு. வருவது எண்பது. எண்பத்தெட்டு ரூபாய் கையைக் கடிக்கிறது.

"ஒன்பது சாப்பாடும் கொண்டுபோய்க் குடுத்த பிறகு எம்பது ரூவா மிஞ்சுதுக்கா. முனியாயிக்கு எரநூறு குடுத்தா, நூத்தி இருபது ரூவா கைநட்டம். உங்க வேலைக்குச் சம்பளம்னு ஒரு பைசா போடல."

"அப்ப இத்தன நாளு எப்படி ஓட்டுனேன்?"

அதற்கும் விடை இருந்தது. சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. புதிதாகச் சேரும் வீடுகள் பத்து நாள் பணத்தை முன்னால் கொடுப்பது வழக்கம். அந்தப் பணத்தில் அக்கா பூண்டும் எண்ணெயும் வாங்கினார். பழைய வீடுகளுக்கு அந்தச் சாமான்தான் போனது. நாற்பது நாள் முடிந்து ஒரு வீடு நின்றால் இன்னொரு வீடு பத்து நாள் பணத்தோடு வரும். ஓட்டை மூடிக்கொள்ளும். இந்தச் சித்திரை வைகாசியில் புது வீடு குறைந்துவிட்டது. இனிச் சமைக்க வேண்டிய சாப்பாட்டுக்கான பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது.

அக்கா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உரிப்பதற்குப் பூண்டு இல்லை. வெறும் தோலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"திருநகரை விட்டுருங்கக்கா. அங்க போற நேரத்துக்கு இங்கனயே நாலு வீடு கூடப் பாக்கலாம். இன்னைக்கே ஆலங்குளத்துல ஒன்ன விட்டீங்க."

"மொத ஆர்டரத் தள்ளுனா அன்னைக்கு விளங்காது பாப்பா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் ஆத்தா பேரையூர்ச் சந்தையில தக்காளிக் கூறு போட்டு வித்தா. மொத ஆளு கேட்ட விலைக்குக் குடுத்துருவா. மொத ஆளு வாங்காமப் போனா கூறு அழுகித்தான் வீட்டுக்கு வரும். நான் கண்ணால பாத்தது."

மறுநாள் ஐயாவின் போன் வழக்கம்போல வந்தது. வழக்கம்போல வண்டி திருநகருக்குப் போனது.

அந்த மாதக் கடைசியில் விளாங்குடியில் இன்னொரு வீடும் நின்றது. திருநகரோடு சேர்த்து ஏழுதான் மீதி. முனியாயி அரைநாள் கூலிக்கு வருவதாகவும் அதற்கும் கீழே முடியாது என்றும் சொன்னார். "எனக்கும் பாவமாத்தான் இருக்கு, ஆனா பாவத்தைத் திங்க முடியாதுல்ல" என்றார் போகும்போது. பெட்ரோல் பங்கில் அக்கா ஐம்பது ஐம்பது ரூபாயாகப் போடுவார். ஒரு நாள் முப்பது ரூபாய்க்குப் போட்டு, திரும்பி வரும் வழியில் ஆரப்பாளையத்தில் வண்டி நின்றுவிட்டது. மிச்சச் சாப்பாட்டோடு ரோட்டோரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தும் என்னிடம் சொல்லவில்லை. சரண்யாதான் சொன்னாள். "அம்மா காலைப் பாருங்கக்கா, செருப்பு வாரு அறுந்து வெறுங்காலோட வந்திருக்கு" என்றாள். தாரில் கொப்பளித்த பாதத்தை அக்கா சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியும் முன் போன் அடித்தது. கீழ் வீட்டுப் பேச்சு எங்கள் ஜன்னல் வழியே மேலே வரும். எனக்கு எல்லாமே கேட்டது.

"ஐயா, இனிமே திருநகருக்கு வர முடியாதுங்கய்யா... இல்லைங்கய்யா, கோவம் இல்ல. வண்டிச் செலவு கட்டல... நூறு ரூவான்னாலும் கட்டாதுங்கய்யா."

எதிர்முனையில் என்ன சொன்னாரோ. அக்கா நெடுநேரம் "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்றார்.

அன்று மற்ற ஆறு வீடுகளுக்கும் பதினொன்றரைக்கே கிளம்பினார். கூடல்நகர் மாமியார் "அட, இன்னைக்கு மழைதான்" என்றாராம். ஆனால் ஆலங்குளத்தில் ஒரு வீடு பூட்டிக்கிடந்தது. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அங்கிருந்து திரும்பும்போது டயர் பஞ்சர். பஞ்சர் கடையில் வண்டியைச் சாய்த்தபோது பெட்டி கவிழ்ந்து இரண்டு வீட்டுக் குழம்பு கொட்டியது. வீட்டுக்கு ஓடிவந்து திரும்பக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனார். ஒரு வீடு வாங்கவில்லை.

நான் வேலையிலிருந்து வந்தபோது அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். சேலையெல்லாம் பூண்டு வாசம்.

"கணக்கு என்ன சொல்லுது பாப்பா இப்ப?"

டயரில் ஆணி ஏறியது ஐயாவைத் தள்ளியதால் அல்ல என்று சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மொத ஆளத் தள்ளுனேன். பாலுக்கு அழுகுற பிள்ளைக்கே காமாலை வந்துருச்சு" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் அவரே திருநகருக்குப் போன் போட்டு, "வாரேங்கய்யா" என்று சொல்லிவிட்டார். ஐயா பெருந்தன்மையாக மன்னித்திருக்கிறார். "கோவிச்சுக்கிட்ட, சரி விடு தாயி. எழுபத்தஞ்சு வச்சுக்க" என்று ஐந்து ரூபாய் குறைத்துவிட்டார்.

ஆடி பிறந்த வாரத்தில் விக்ரம் அண்ணன் வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். அதைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸில் வந்தவர் வண்டியில்தான் திரும்புவார். நான் மாடியிலிருந்து இறங்கும்போது அவர் வாசலில் நின்று ஸ்கூட்டர் டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, கண்ணாடிய ஒடச்சு வச்சிருக்க?"

"அது பஞ்சர் கடையில சாஞ்சது."

"வண்டிய இந்த ஓட்டு ஓட்டுன நீ, கோடீஸ்வரி ஆகியிருக்கணுமே. காசு எங்க?"

"நீ குத்திக்காட்டவா வந்த?"

"நான் எதுக்குக் குத்திக்காட்டுறேன்? எனக்கு ஆட்டோ டியூ இருக்கு. இத வித்தா ரெண்டு மாசம் மூச்சு விடுவேன். நீ இதுல பெட்ரோல ஊத்தி ஊரச் சுத்திக்கிட்டு இருக்க. ஊருக்கு வந்துருக்கா. உனக்கு ஒரு வாய்ச் சோறு போட மாட்டேனா?"

"சரண்யா?"

அண்ணன் கெட்டவர் இல்லை. தரையைப் பார்த்தார். அக்கா உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் நின்றபடியே குடித்து முடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆடி கடைசி வரைக்கும்தான். அன்னைக்குச் சாவியக் குடுத்துரணும். நான் வேற ஒன்னும் பேச மாட்டேன்" என்று மாட்டுத்தாவணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அக்கா நான் எழுதியதைத் திரும்பக் கேட்டார். இந்த முறை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கேட்டார். டப்பாவுக்கு இருபது ரூபாய் எப்படி வந்தது? சாத டப்பா ஆறு, குழம்பு நாலு, ரசம் நாலு, பொரியல் மூன்று, பை மூன்று. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தினமும் வாங்குற வீடுதான எல்லாம். அவுக வீட்டுல கேரியர் இருக்கும்ல. ரெண்டு கேரியர் வச்சுக்கிறட்டும். நான் நெறஞ்சதக் குடுத்துட்டுக் காலிய வாங்கிட்டு வந்துர்றேன். ஒரே நடைதான்."

எனக்கு அது தோன்றவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாங்குகிற வீடாக இருந்தால் காலி கேரியரை எடுக்கத் தனியாக ஒரு நடை போக வேண்டியிருக்கும். பத்தியச் சாப்பாடு நாற்பது நாளும் தினமும் போவது என்பதால் இது சரியாக வரும். மறுநாளே கேட்டுப் பார்த்தார். மாமியார்களுக்கு ஒரே சந்தோஷம். பச்சை உடம்புக்காரிக்குப் பிளாஸ்டிக் டப்பாவில் சுடச்சுடக் குழம்பு வருகிறதே என்று அவர்களே முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்களாம்.

விலை பற்றிப் பேசியபோதுதான் அக்கா தயங்கினார். நூற்று இருபது சொல்லலாம் என்றேன். பன்னிரண்டு வீடு, எல்லாமே பக்கத்தில், டப்பா இல்லாமல் என்றால் ஒரு சாப்பாட்டுக்கு அறுபத்துமூன்று நிற்கும். வண்டிச் செலவு வீட்டுக்கு ஏழு ரூபாய்தான் ஆகும். முனியாயிக்கு முழுக்கூலி கொடுத்தாலும் ஐந்நூறுக்கு மேல் அக்கா கையில் நிற்கும்.

"பன்னெண்டு வீடு எங்க இருக்கு பாப்பா? ஆறுதான இருக்கு."

"வேண்டாம்னு சொன்ன வீடெல்லாம் நேரத்துக்கு வரலன்னுதான சொன்னாங்க. வேளைக்குப் போனா ஆளு வரும்க்கா."

"வேளைக்குப் போகணும்னா திருநகருக்குப் போகக்கூடாது" என்றார் அவரே. எத்தனை தடவை சுற்றி வந்தாலும் பேச்சு அங்கேதான் வந்து நின்றது. ஐயா தரும் விலை எழுபத்தைந்துக்கு இறங்கியதில் எண்பத்தெட்டு ரூபாய் நட்டம் தொண்ணூற்று மூன்றாகியிருந்தது. மதியத்தில் ஒன்றேகால் மணி நேரம் போவது தனி. திருநகருக்குச் சரியான விலையாக ஐயாவிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டார். சாப்பாடு நூற்று இருபது, வண்டிக்கு நூறு என்றேன். அக்கா கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்த விலையச் சொன்னா அவரு போனை வச்சிருவாரு. வச்சாத்தான் நல்லதுன்னு தெரியுது. ஆனா அவரு மொத ஆளு பாப்பா. மொத ஆளுகிட்ட எப்படி அந்த விலையச் சொல்லுவேன்?"

நான் எதற்கோ கேட்டேன்: "சரண்யா உங்களுக்குப் போன் போட்டு ஒரு சாப்பாடு கேட்டா போணி ஆகாதா?"

"வீட்டாளு போணி செல்லாது. வெளியாளா இருக்கணும். காசு கைமாறணும்."

அடுத்து வந்த நாட்களில் வீடு இன்னும் ஒன்று குறைந்தது. நாற்பது நாள் முடிந்த வீடு அது. அரிசிக்கடைக்காரர் கடனுக்குக் கொடுக்க மறுத்தார். அக்கா காதில் கிடந்ததைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டு, துளையில் வேப்பங்குச்சி சொருகிக்கொண்டு வந்தார். சரண்யா கேட்டதற்கு, காது சீழ் வைத்திருக்கிறது என்றார். அவள் நம்பவில்லை. நம்பியதுபோல் இருந்துவிட்டாள். ஆடி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து மாடிப்படி ஏறும்போது அக்கா பின்னாலேயே ஏறி வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததே கிடையாது. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கதவுக்கு வெளியே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, நீ காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்ப?"

"ஆறரைக்குக்கா."

"நாலே முக்காலுக்கு எந்திரிக்க முடியுமா?"

"எதுக்குக்கா?"

"ஐயா அஞ்சு மணிக்குப் போன் போடுவாரு. அதுக்கு முந்தி." கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "நீ பேசவே காசு கேக்குற ஆளு. எனக்குத் தெரியும். நீளமாப் பேச வேண்டாம். 'அக்கா, ஒரு ரசம் வேணும்'னு மட்டும் சொல்லு. மத்தியானம் நீ வீட்டுல இருக்க மாட்ட, அதனால ராத்திரி வந்து வாங்கிக்க. உனக்குப் பெட்ரோல் கெடையாது, டப்பா கெடையாது, பாத்திரம் நீயே எடுத்துட்டு வந்துரணும். ஆனா ரசத்துக்கு முழு விலை. ஒரு ரூவா குறைக்கச் சொல்லிறாத தாயி, குறைச்சுக் கேட்டா நான் குறைச்சுருவேன். அப்புறம் எல்லாம் போச்சு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். காதுத் துளையில் குச்சி இருந்தது.

"நீ வெளியாளு. வாடகைக்கு வந்தவ. உன் போணி செல்லும். நீ மொதல்ல கூப்பிட்டுட்டன்னா, ஐயா எனக்கு ரெண்டாவது ஆளு. ரெண்டாவது ஆளுகிட்ட நான் விலை சொல்லுவேன் பாப்பா. எரநூத்தி இருபதுன்னு தெளிவாச் சொல்லுவேன்." சுவரைப் பிடித்திருந்த கை நழுவி என் கையைப் பிடித்தது. பூண்டு உரித்து உரித்து நகக்கண் வெடித்த கை. "நாளைக்கு ஒரு நாள் மட்டும்னு சொல்லல. ஆடி முடியிற வரைக்கும் தினம் கூப்பிடணும். ஒரு நாளும் தூங்கிறக்கூடாது. கூப்புடுவியா?"